தொடக்க பேட்ச் கேப்ஷன்: தொப்பையை விட்டுட்டு நாற்காலியைக் காட்டுங்க

"எங்க உடற்பயிற்சி வகுப்போட தொடக்க பேட்சுக்கு இன்ஸ்டாவில் 'தொப்பைக்கு டாட்டா சொல்லுங்க'ன்னு கேப்ஷன் போட்டோம். விசாரிச்சவங்ககூட சேரலை. எப்படி மாத்தலாம்?"

புதுசா வர்றவங்களுக்கு 'எல்லாரும் என்னையே பார்ப்பாங்களோ'ங்கிற பயம்தான் பெருசு. அந்த வரி அதைக் கூட்டுதுங்க. முதல் வகுப்புல என்ன நடக்கும்னு எழுதுங்க. இன்ஸ்டாவில் விரிக்காம தெரியறது முதல் ஓரிரு வரிதான், அதனால முக்கியமானது மேலே வரட்டும்:

"இதுவரை உடற்பயிற்சியே செஞ்சதில்லையா? இந்த பேட்ச் உங்களுக்குத்தான். முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுறது, சுவரில் கை ஊன்றித் தள்ளுறது, அவ்வளவுதான். மூச்சு வாங்கினா நின்னுக்கலாம். சுடிதாரே போதும். 10 பேர், 40 நிமிடம், திங்கள் காலை 6.30."

எண்களை உங்க பேட்சுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. 'எல்லா உடம்பும் அழகு'ன்னு சேர்த்தா பேச்சு மறுபடி தோற்றத்துக்கே போயிடும். முன்-பின் படமும் வேண்டாம். அந்த நாற்காலியையே படமாப் போடுங்க.