தலையணையை முதலில் எடை போட்டுப் பாருங்கள்

ஆறு மாதமாகக் கழுத்து வலி. பஞ்சு, தேங்காய் நார், மெமரி ஃபோம், பாலியஸ்டர் இவற்றில் கழுத்துக்கு எது நல்லது? சுருக்கமாகச் சொல்லவும்.
*மதுரை வாசகர்*

உயரம்தான் முக்கியம். உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

சுவருக்குப் பக்கவாட்டில், தோள் சுவரைத் தொடும்படி நிமிர்ந்து நில்லுங்கள். காதுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையணை நிரப்ப வேண்டிய இடம் அதுதான். பாயில் படுப்பவருக்கு அந்த அளவு கிட்டத்தட்ட முழுதாக வேண்டும். மெத்தையில் தோள் அமிழ்ந்துவிடுவதால் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு இதைவிடத் தாழ்வானது போதும். குப்புறப் படுப்பவர் மிக மெல்லியதை வைத்துக்கொள்ளலாம், அல்லது தலையணையே இல்லாமல் படுக்கலாம்.

நான் சொல்லும் உயரம் தலை வைத்த பிறகு நிற்கும் உயரம். கடையில் பார்க்கும் உயரம் அல்ல. வேறுபாடு இங்கேதான் வருகிறது. மெமரி ஃபோம் தலையின் வடிவத்துக்கு அமிழ்ந்து, அந்த உயரத்திலேயே இரவு முழுவதும் நிற்கும். பஞ்சு முதல் சில வாரங்களில் நன்றாக இறங்கி, பிறகு கெட்டிப்பட்டு நிலைக்கும். அதனால் பஞ்சுத் தலையணையைச் சற்று உயரமாகவே தைத்து வாங்க வேண்டும். பாலியஸ்டர் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். தேங்காய் நார் எளிதில் இறங்காது.

ஆறு மாத வலி என்கிறீர்கள். கை மரத்துப்போவதோ விரல்களில் குத்தலோ இருந்தால், தலையணைக் கடைக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

என் தலையணையை உறையைக் கழற்றி எடை போட்டேன். 600 கிராம் இருக்கிறது. இணையத்தில் 1,499 ரூபாய்க்கு மெமரி ஃபோம் என்று வாங்கியது. நீளம் 60, அகலம் 40, உயரம் 12 செ.மீ. மூன்றே மாதத்தில் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?
*வேலூர் வாசகி*

ஆமாம் அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தவறு உங்களுடையது அல்ல. தொட்டுப் பார்க்க முடியாத பொருளை, எழுதியிருந்ததை நம்பி வாங்கினீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 60, 40, 12 மூன்றையும் பெருக்கினால் 28,800 கன செ.மீ. ஒரு கன மீட்டர் என்பது பத்து லட்சம் கன செ.மீ. அந்தக் கணக்கில், இதே ஃபோம் ஒரு கன மீட்டர் இருந்தால் சுமார் 21 கிலோதான் நிற்கும். ஃபோம் தொழிலில் இதை அடர்த்தி என்பார்கள். மெமரி ஃபோம் என்று சொல்லத்தக்கது வழக்கமாக 40 கிலோவுக்கு மேல் இருக்கும், நல்லது 50ஐத் தொடும். உங்கள் அளவுக்கு 40 கிலோ அடர்த்தி என்றால் தலையணை 1,150 கிராம் இருந்திருக்க வேண்டும். 50 என்றால் 1,440 கிராம். உங்களிடம் வந்தது 40 கிலோ கணக்கிலேயே ஏறத்தாழப் பாதிதான். சாதாரண நாற்காலி மெத்தைக்குப் போடும் ஃபோம் இந்த எடைதான் இருக்கும்.

எடை மட்டும் போதாது. சுண்ணாம்புத் தூள் கலந்து எடை கூட்டும் ஃபோமும் உண்டு. ஆகவே கையால் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். மெமரி ஃபோமில் கைத்தடம் நின்று, சில விநாடிகளில் மெல்ல மறையும். சாதாரண ஃபோம் கையோடு சேர்ந்தே எழும்பிவிடும். ஆனால் இந்தப் பொருள் சூட்டில் இளகும், குளிரில் இறுகும் இயல்புடையது. வேலூர் மே மாத வெயிலில் நல்ல மெமரி ஃபோம்கூடச் சற்று வேகமாக எழும்பும். எனவே காலையில், அறை குளிர்ந்திருக்கும்போது சோதியுங்கள்.

அசலே கிடைத்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். தலையைச் சுற்றி அமிழ்ந்து பிடிப்பதால் காற்று புகாது, உடல் சூடு அங்கேயே தங்கும். மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் கோடையில் பிடரி நனையும். ஓட்டைகள் போட்ட ஃபோம் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

இப்போது விற்பனைப் பக்கத்தில் ‘மெமரி ஃபோம்’ என்றிருப்பதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கம் மாறிவிடலாம். ரசீது, தராசில் எடை தெரியும் படம் இரண்டையும் சேர்த்து விற்பவருக்கு எழுதுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

மெமரி ஃபோம் தலையணையைத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டேன். பிய்ந்துவிட்டது. நிறுவனத்திடம் பணம் கேட்கலாமா?
*சேலம் வாசகர்*

கேட்க முடியாது. துவைக்கக் கூடாது என்று அதன் ஓரத்தில் தைத்த துணிச்சீட்டில் இருக்கும், வாங்கிய அன்றே அதைப் படித்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்த ஃபோம் பல மடங்கு கனத்து, சுழலும்போது தன் பாரத்திலேயே கிழியும். உறையைத்தான் துவைக்க வேண்டும். ஃபோமில் கறை பட்டால் ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட வைக்க வேண்டும்.

தெருவில் வந்தவரிடம் இலவம்பஞ்சு என்று நம்பி இரண்டு தலையணை 800 ரூபாய்க்கு வாங்கினோம். இரண்டு மாதத்தில் கல்லாகிவிட்டது. ஏதோ எண்ணெய் வாடையும் அடிக்கிறது. என் மாமியாருக்குத் தும்மல் நிற்கவில்லை.
*நாகப்பட்டினம் வாசகி*

உங்கள் கடிதம் என்னை வருத்தியது, ஏனென்றால் இதே தலையணையை நானும் வாங்கியிருக்கிறேன். என் தந்தை படுக்கையில் இருந்த காலத்தில், சூடு தாங்காது என்று சொன்னதால், ஒரு கடையில் இலவம்பஞ்சு கேட்டு நான்கு வாங்கினேன். மூன்றாம் வாரம் அவர் தலைக்கடியில் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. தையலைப் பிரித்தேன். சாம்பல் நிறப் பஞ்சு, சிவப்பும் நீலமுமாக நூல் துண்டுகள், பனியன் துணியை அரைத்த தூள். கடைக்காரர், தைத்ததைப் பிரித்துவிட்டீர்கள், இனித் திரும்ப எடுக்க முடியாது என்றார்.

என் பல வருட மனக்குறை இந்தத் தையல்தான். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறோம். தலையணையை மட்டும் நான்கு பக்கமும் மூடித் தைத்து, உள்ளே இருப்பதைச் சொல்லை நம்பி வாங்கச் சொல்கிறார்கள். நான் பார்த்த அட்டைகளில் பெரும்பாலானவற்றில் தலையணையின் அளவும் ‘1 எண்ணம்’ என்பதும் இருக்கின்றன, உள்ளே எத்தனை கிராம் என்ன பஞ்சு என்பது இல்லை. நாளில் மூன்றில் ஒரு பங்கு மூக்கை வைத்துப் படுக்கிற பொருள் அது. நான்கு விரற்கடை திறந்து வைத்துக் காட்டி, வாங்கியவர் முன்னால் தைத்துத் தருவதில் எந்தக் கடைக்கும் நஷ்டம் இல்லை. காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

திறந்து பார்த்தால் எதைப் பார்ப்பது? இலவம்பஞ்சு பட்டுபோல மினுங்கும், வழுக்கும். ஒரு சிட்டிகை எடுத்து விளக்குத் திரி திரிப்பதுபோல உள்ளங்கையில் உருட்டுங்கள். பருத்தி முறுக்கேறித் திரியாகும். இலவம்பஞ்சு பிடிப்பில்லாமல் பிரிந்துபோகும், அதன் இழை அவ்வளவு குட்டை, அவ்வளவு வழவழப்பு. இழையின் மேல் மெழுகு இருப்பதால் தண்ணீரில் போட்டால் நெடுநேரம் மிதக்கும். பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்று அறிய, இடுக்கியில் பிடித்து எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்துங்கள். பஞ்சு காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும்.

உங்களிடம் இருப்பது ஆலைக் கழிவாகத்தான் இருக்க வேண்டும். எண்ணெய் வாடை இயந்திரத்திலிருந்து வந்தது, தும்மல் தூசியிலிருந்து. அதை வெயிலில் போட்டுக் காப்பாற்ற முயல வேண்டாம், இன்றே மாமியாரின் தலைமாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அசல் பஞ்சு கிடைத்தால் நம் ஊர் வெப்பத்துக்கு அதைவிட நல்லதை நான் காணவில்லை. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வியர்வை பிசுபிசுப்பதும் பிசுபிசுக்காததும் இதனால்தான். ஆனால் பஞ்சுத் தலையணையை நனைக்கக் கூடாது. உள்ளே காயாமல் கட்டிப்பட்டுப் புழுங்கும். மாதம் ஒருமுறை வெயிலில் இரண்டு பக்கமும் காய வைத்துத் தட்டுங்கள். பருத்தி கெட்டிப்பட்டால் பிரித்துப் பஞ்சடிக்கக் கொடுங்கள், மீண்டும் எழும்பும். இலவம்பஞ்சு அப்படி எழும்பாது. நாளானால் இழை ஒடிந்து தூளாகும், புதிதாக நிரப்ப வேண்டியதுதான்.

தேங்காய் நார்த் தலையணை சூடே ஏறாது என்கிறார்கள். வாங்கலாமா?
*ஈரோடு வாசகர்*

சூடு ஏறாது என்பது உண்மை, நாருக்கு நார் காற்று ஓடும். ஆனால் அது ரப்பர் பால் தெளித்து அழுத்திய கட்டி. தலைக்கு வளைந்து கொடுக்காது, காதும் கன்னமும் நோகும். மெத்தைக்கும் காலை உயர்த்தி வைப்பதற்கும் நல்லது. கழுவவும் முடியாது. பழசானால் ரப்பர் உதிர்ந்து, தட்டும்போது பழுப்புத் தூள் கொட்டும்.

எங்கள் நான்கு மாதக் குழந்தைக்குக் கடுகுத் தலையணையா, இலவம்பஞ்சா?
*தஞ்சாவூர் வாசகி*

இரண்டும் வேண்டாம், ஒரு வயது முடியும்வரை தலையணையே கூடாது, மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

விடுதியில் தங்கிப் படிக்கிறேன். 250 ரூபாய் பாலியஸ்டர் தலையணை, துவைத்ததும் மூலைக்கு மூலை உருண்டுவிட்டது. இன்னொன்று வாங்கப் பணம் இல்லை. சரிசெய்ய வழி உண்டா?
*திருச்சி மாணவி*

உண்டு. ஓரத்தில் ஒரு சாண் தையலைப் பிரித்து, உருண்டைகளைக் கையால் இழை இழையாகப் பிரித்துவிட்டு, மறுபடி தைத்துவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் முதலில் முழுதாகக் காயட்டும். அடுத்தமுறை துவைக்கும்போது, அலசிய பிறகு முறுக்கிப் பிழியாமல், இரண்டு உள்ளங்கைக்கு இடையில் வைத்து நீரை அழுத்தி எடுங்கள். காயும்போது மணிக்கொரு முறை உதறித் திருப்புங்கள். நான்கு வகையிலும் தைரியமாகத் துவைக்கக்கூடியது இது ஒன்றுதான். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்வது அதற்காகவே.

இந்த வேலையில் இறங்கும் முன், தலையணையை இரண்டாக மடித்து அழுத்தி விடுங்கள். தானாக விரிந்தால் இழையில் இன்னும் உயிர் இருக்கிறது, பிரித்து நிரப்புவது வீணாகாது. மடித்தபடியே கிடந்தால் இழை நைந்துவிட்டது, எவ்வளவு பிரித்தாலும் எழும்பாது. அப்படியானால் புதிது வாங்கும்வரை ஒரு பருத்திப் போர்வையை உங்கள் தோள் அளவுக்கு மடித்து, தலையணை உறைக்குள் செருகிப் படுங்கள். உயரம் சரியாக இருந்தால் கழுத்துக்கு அதுவே போதும். அழுக்கானால் பிரித்துத் துவைத்தும் கொள்ளலாம்.