6 பேர்ச்சஸ் காணி: எத்தனை பை சீமெந்து?

“வெள்ளவத்தையில் 6 பேர்ச்சஸ் காணி. இணையத்தில் சென்ட் கணக்கில் போட்டால் 2,613 சதுர அடி வருகிறது. இரண்டு மாடிக்கு எவ்வளவு சீமெந்து, கம்பி?”

காணி 1,633 சதுர அடிதான். பேர்ச்சஸை சென்ட் என்று எடுத்து 435.6 ஆல் பெருக்கியிருப்பீர்கள் போல. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஆக உங்களுடையது 3.75 சென்ட்.

சர்வே பிளானை எடுத்துப் பாருங்கள். A0 R0 P6 என்று இருக்கும், பக்கத்தில் ஹெக்டேர் போட்டிருந்தால் 0.0152 வர வேண்டும்.

அப்புறம், காணி முழுவதும் கட்ட முடியாதே. தரையில் 65 சதவீதம் என்று வைத்தால் ஒரு மாடி 1,060, இரண்டும் சேர்த்து 2,120 சதுர அடி. பொருளை இந்த 2,120க்குத்தான் பெருக்க வேண்டும், காணி அளவுக்கு இல்லை. சதுர அடிக்கு 0.4 பை என்றால் 50 கிலோ சீமெந்து ஏறக்குறைய 850 பை, கம்பி 3.5 முதல் 4 கிலோ, அதாவது ஏழரையிலிருந்து எட்டரை டன்.

இது பட்ஜெட் போட மட்டும், ஓர்டர் கொடுக்க இல்லை. சதுப்பு நிலம் என்றால் அத்திவாரமே கணக்கைத் தூக்கிவிடும். அந்த 65ஐயும் மாநகர சபையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள், வீதிக்கு விட வேண்டிய இடம் அதிகமென்றால் இன்னும் குறையும்.