பழைய நகை விற்கும்போது 40 கிராம் எப்படி 31 கிராம் ஆகிறது?

கேள்வி: அம்மாவின் பழைய ஆரமும் ஒரு ஜோடி ஜிமிக்கியும் வீட்டில் நிறுத்தபோது 40 கிராம், அதாவது 5 பவுன். ஆசாரியிடம் சொல்லிச் செய்தவை, முத்திரை கிடையாது. கடையில் உருக்கிப் பார்த்து, “கட்டி 37 கிராம், 84 டச், ஆகவே 31.08 கிராமுக்கு 22 கேரட் விலை, அதில் 3 சதவீதம் கழிவு” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மனசு வராமல் கட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். 9 கிராம் எங்கே போனது? இது நியாயமான கணக்குதானா?

பதில்: கட்டியைத் திரும்ப வாங்கி வந்தது நல்ல காரியம். காணாமல் போன 9 கிராமில் சுமார் 6 கிராமுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. மீதி மூன்று கிராம் கணக்கில்தான் காணாமல் போயிருக்கிறது.

முதலில் 40 எப்படி 37 ஆனது என்று பார்ப்போம். ஆரத்தின் முகப்பில் பதித்த கற்கள், ஜிமிக்கிக்குள் அடைத்த அரக்கு, பின்புறம் பல வருடமாகப் படிந்த எண்ணெய்ப்பிசுக்கு எல்லாமே வீட்டுத் தராசில் தங்கத்தோடு சேர்ந்து நின்றவை. நகையை மூசையில் போட்டு வெங்காரம் தூவி உருக்கும்போது அழுக்கு எரிந்துவிடும், கண்ணிகளை ஒட்ட வைத்த பற்றில் கலந்திருந்த மட்ட உலோகத்திலும் கொஞ்சம் ஆவியாகும். கல்லும் அரக்கும் உள்ள 5 பவுனில் 3 கிராம் குறைவது நடக்கக்கூடியதே. எடுத்த கற்களை உங்களிடம் கொடுத்தார்களா என்பதை மட்டும் கேளுங்கள். கொடுத்திருந்தால் அவற்றை நிறுத்துப் பாருங்கள், அந்த 3 கிராமில் எவ்வளவு கல் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது 84 டச். நூறு பங்கில் 84 பங்கு தங்கம் என்று பொருள். 22 கேரட் என்றால் 91.6 இருக்க வேண்டும். ஆசாரி உங்கள் அம்மாவை ஏமாற்றினார் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆரத்தில் ஒவ்வொரு கண்ணியையும் பொடி வைத்து ஊதித்தான் ஒட்டுவார்கள். தங்கத்தைவிட முன்னதாக உருக வேண்டும் என்பதற்காக அந்தப் பொடியில் டச்சைக் குறைத்திருப்பார்கள். தகடும் கம்பியும் 91 டச்சாகவே இருந்தாலும், நூற்றுக்கணக்கான ஒட்டுகளோடு சேர்த்து உருக்கும்போது மொத்தம் இறங்கிவிடும். கேரட் மீட்டரில் நகையை அப்படியே வைத்துப் பார்த்தால் இது தெரியாது. அந்தக் கருவி மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கும். பாலிஷ் ஏறிய இடத்தில் கூடுதலாகவும், ஒட்டு உள்ள இடத்தில் குறைவாகவும் காட்டும். முத்திரையில்லாத நகையைக் கடைக்காரர் உருக்கச் சொல்வதற்கு இதுவே காரணம், அதில் தவறில்லை.

தவறு இதற்குப் பிறகு வருகிறது. 37 கிராமில் 84 சதவீதம் 31.08 கிராம். இது சுத்தத் தங்கம், 24 கேரட். அதற்கு 22 கேரட் விலையைப் போட்டிருக்கிறார்கள். 22 கேரட் விலையிலேயே செம்புக்கான 8.4 சதவீதம் ஏற்கெனவே கழிந்துதான் இருக்கிறது. உங்கள் கட்டியிலிருந்த செம்பை முழுவதுமாகக் கழித்துவிட்டு, மறுபடியும் செம்பு கலந்த தங்கத்தின் விலையைக் கொடுத்தால் ஒரே கழிவை இரண்டு முறை எடுத்ததாகிவிடும்.

சரியான கணக்கை இரண்டு வழியில் போடலாம், விடை ஒன்றுதான். 31.08 கிராமை அன்றைய 24 கேரட் விலையால் பெருக்கலாம். அல்லது 31.08ஐ 0.916ஆல் வகுத்து, வரும் எடையை 22 கேரட் விலையால் பெருக்கலாம். வகுத்தால் உங்களுக்கு வருவது 33.93 கிராம்.

கணக்குக்கு வசதியாக 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் உள்ளபடி 3,10,800 ரூபாய், 3 சதவீதக் கழிவு போக 3,01,476. சரியாகப் போட்டால் 3,39,300 ரூபாய், அதே 3 சதவீதம் போக 3,29,121. வித்தியாசம் 27,645 ரூபாய். கடைக்காரர் கட்டியைச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும், அதற்குள் விலை இறங்கினால் நஷ்டம் அவருடையது. ஆகவே 2, 3 சதவீதம் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லாபத்தை அவர் அந்த ஒரு வரியில் வெளிப்படையாக எடுக்க வேண்டும். டச் கணக்குக்குள் மறைத்து எடுக்கக் கூடாது.

இப்போது கையில் கட்டி இருப்பதால் வேலை சுலபம். கடைவீதியில் நகை வாங்கி விற்காமல் டச் மட்டும் பார்த்துத் தரும் கடை இருக்கும். அங்கே கட்டியின் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். உருக்கும்போது நன்றாகக் கலக்காவிட்டால் மேலுக்கும் கீழுக்கும் டச் மாறும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் அந்தச் சீட்டோடு இரண்டு மூன்று கடைகளில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இந்தக் கட்டிக்குக் கிராமுக்கு எவ்வளவு தருவீர்கள்?” கழிவு எத்தனை சதவீதம், எந்த விலைக்கு என்ற பேச்சுக்கே போக வேண்டாம். 84 டச் கட்டியின் முழு மதிப்பு, மேலே சொன்ன விலைப்படி, கிராமுக்குச் சுமார் 9,170 ரூபாய். 8,900 பக்கம் சொன்னால் கொடுக்கலாம். 8,150 என்றால் அது நீங்கள் விட்டுவந்த பழைய கணக்கேதான்.

வீட்டில் விற்க வேண்டிய நகை இன்னும் இருந்தால், முதலில் அதில் முத்திரையைத் தேடுங்கள். 2021 ஜூலைக்குப் பிறகு ஹால்மார்க் செய்த நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு பொறித்திருக்கும். BIS Care செயலியில் Verify HUID பகுதியில் அதைப் போட்டால் நகையின் விவரமும் தரமும் வரும். அது 22 கேரட் நகைதான் என்று செயலி உறுதி செய்தால் 91.6 டச் கணக்கில்தான் கேட்க வேண்டும், உருக்கச் சம்மதிக்கத் தேவையில்லை. முத்திரை இல்லாததை உருக்கத்தான் வேண்டும். ஆனால் உருக்கிய பிறகு அது நகையாகத் திரும்பாது என்பதால், விலை பிடிக்காவிட்டால் கட்டியைத் தருவார்களா, உருக்குக் கூலி எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள். கல்லை எடுத்து நிறுத்த பிறகு, உங்கள் கண் முன்னால் உருக்கட்டும். கட்டியை எடுத்ததும் மூசைக்குள்ளும் ஒருமுறை பாருங்கள். கண்ணாடிபோல இறுகிய வெங்காரத்தில் கடுகளவு தங்க மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் சுரண்டிக் கட்டியோடு சேர்த்து நிறுக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, அதுவும் உங்கள் தங்கம்.

நீங்கள் விற்கும் பழைய நகைக்கு உங்களிடம் ஜி.எஸ்.டி. பிடிக்க இடமில்லை. யாராவது அந்தப் பெயரில் கழித்தால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தொகையை வங்கிக் கணக்குக்கே வாங்குங்கள். கட்டியின் எடை, டச், கிராம் விலை மூன்றும் அந்த ரசீதில் தனித்தனியாக இருக்கட்டும்.