நூற்பாலையும் மிட்டாய்க் கடையும்

அன்புள்ள ஐயா,

நான் பங்கு வைத்திருக்கும் நூற்பாலை 2021-22இல் முன்பு காணாத லாபம் ஈட்டியது. புதிய இயந்திரங்களும் வாங்கினார்கள். போட்டியாளர்கள் தாண்ட முடியாத அகழி இதற்கு இருக்கிறது என்று நம்பி மேலும் வாங்கினேன். அடுத்த ஆண்டே லாபம் கரைந்துவிட்டது. எங்கே தவறினேன்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

அந்த ஆண்டு லாபம் பார்க்காத நூற்பாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பஞ்சு விலை ஏறியபடியே இருந்தது. 2022 மே மாதம் ஒரு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. முன்பு மலிவாக வாங்கிய பஞ்சு, ஏறிய விலையில் நூலாக விற்றது. கிடங்கு தந்த லாபம் அது. விலை இறங்கியதும் அதே கிடங்கு கையைக் கடித்தது.

இயந்திரங்கள் விஷயத்தில் உங்களுக்கு முன்பே ஒருவர் பாடம் படித்திருக்கிறார். முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் துணி ஆலை அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் இருந்தது. புதிய தறி செலவைக் குறைக்கும் என்று ஒவ்வொரு முறையும் கணக்குக் காட்டினார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அதே தறியைப் போட்டி ஆலைகளும் வாங்கின; மிச்சமானதெல்லாம் விலைக்குறைப்பாகத் துணி வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்தது. 1985இல் ஆலையை மூடினார். 1981இல் 5,000 டாலருக்கு வாங்கிய தறிகள் தலா 26 டாலருக்குப் பழைய இரும்பாகப் போயின.

அதே மனிதர் 1972இல் கலிஃபோர்னியாவின் ‘சீஸ் கேண்டீஸ்’ என்ற சாக்லேட் நிறுவனத்தை 2.5 கோடி டாலருக்கு வாங்கினார். அப்போது 1.6 கோடி பவுண்டு எடை சாக்லேட் 3 கோடி டாலருக்கு விற்றது. பவுண்டுக்கு ஏறக்குறைய 1.90 டாலர். 2007இல் 3.1 கோடி பவுண்டு, 38.3 கோடி டாலர்; பவுண்டுக்கு 12 டாலருக்கும் மேல். விலை ஆறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அமெரிக்காவின் பொது விலைவாசி அதற்குள் ஐந்து மடங்குதான் ஏறியது. அப்படியும் வாங்குபவர் ஓடவில்லை. காதலர் தினத்தன்று மலிவான பெட்டியை நீட்ட யாருக்கு மனம் வரும்? இத்தனை வளர்ச்சிக்கும் 35 ஆண்டுகளில் கூடுதலாகப் போட்ட முதலீடு 3.2 கோடி டாலர்தான். எனக்கு விற்பனையைவிட இந்த எண்தான் முக்கியம்.

அந்த அகழிக்கும் எல்லை உண்டு. அந்தப் பெட்டியோடு வளர்ந்த மேற்குக் கரைக்கு வெளியே கடை விரித்தபோது அதே மவுசு கிடைக்கவில்லை.

உங்கள் ஆலையின் பத்து ஆண்டு அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோ நூல் விற்ற விலையிலிருந்து அதற்கான பஞ்சுச் செலவைக் கழித்து, மிஞ்சும் ரூபாயை வரிசையாக எழுதுங்கள். சதவீதத்தை நம்பாதீர்கள், பஞ்சு ஏறும்போது ரூபாய் குறையாமலே சதவீதம் இறங்கிக் காட்டும். பஞ்சு ஏறினாலும் இறங்கினாலும் அந்த ரூபாய் பெரிதாக ஆடாமல், ஆண்டுகள் போகப்போகக் கூடியிருந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். நூற்பாலைகளில் அப்படி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.