அந்த மாலைகளுக்கு ஈடாக

அன்புள்ள ஐயா,

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒருவர், தொழில்முறைத் தேர்வுக்கான கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டி, ஓராண்டுக்கும் மேலாக அலுவலகம் முடிந்த மாலைகளில் கணக்கியல் சொல்லிக்கொடுத்தார். இன்று நான் வசதியாக இருக்கிறேன். அவர் ஓய்வு பெற்றுத் தனியாக வாழ்கிறார். பணம் கொடுத்தால் வாங்க மறுக்கிறார். விலையுயர்ந்த கைபேசி ஒன்றை வாங்கித் தந்தேன். பல மாதங்கள் கழித்துப் போனபோதும் அது பெட்டியிலேயே இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒன்றும் வேண்டாம்பா, நீ நன்றாக இருந்தால் போதும்" என்கிறார். நான் என்னதான் செய்வது?

ர.

அன்புள்ள ர.,

தேர்வுக் கட்டணத்தையும் அந்த மாலைகளையும் முதலில் தனித்தனியே வைத்துப் பாருங்கள். கட்டணம் ஒரு தொகை, அதற்கு அளவு உண்டு. அவர் அதைக் கடனாகக் கொடுத்திருந்தால் பணமாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பிடித்ததைச் செய்கிறேன் என்று வேறெதையாவது செய்து அதை ஈடுகட்டியதாக எண்ணிக்கொள்வது நியாயமல்ல. சும்மா கொடுத்திருந்தார் என்றால், இன்று அதே இடத்தில் நிற்கும் ஓர் இளையவருக்குக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அதை அவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பணத்தைப் பொறுத்தவரை இவ்வளவுதான்.

மாலைகளுக்கு அப்படி அளவு கிடையாது. அவற்றையும் ஒரு தொகையாக மாற்றிக் கொடுத்துவிட நீங்கள் முயன்றதால்தான் அவர் பணத்தைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்துகிறது. ஆய்வில் கலந்துகொண்ட ஆண்களிடம் உதவி பெற்ற பெண், உடனே அதற்கு ஈடாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். அவரோடு கொடுக்கல் வாங்கல் அளவில் மட்டுமே பழகப்போகிறோம் என்று கருதிய ஆண்களுக்கு அதனால் அவர்மீது விருப்பம் கூடியது. நட்பாகப் பழக வாய்ப்பிருக்கிறது என்று எதிர்பார்த்தவர்களுக்கோ விருப்பம் குறைந்தது. கணக்கை நேர்செய்வது கணக்கை முடித்துக்கொள்வதாகவும் தெரியும் அல்லவா? உங்கள் ஆசானுக்கும் அப்படித் தெரிந்திருக்கலாம்.

கைபேசியின் கதை வேறு. வாங்கித் தருபவருக்கு அது ஒரு பொருள். தனியாக வாழும் முதியவருக்கு ஒரு வேலை. பழைய கருவியில் இருக்கும் எண்களையும் படங்களையும் யாராவது மாற்றித் தர வேண்டும். பழகிய இடத்தில் இல்லாத பொத்தானைத் தேட வேண்டும். கடவுச்சொல் கேட்டால் அது எந்த நோட்டில் இருக்கிறது என்று நினைவிருக்க வேண்டும். நடுவில் எதையாவது அழித்துவிடுவோமோ என்ற அச்சம் வேறு. இதையெல்லாம் செய்து கொடுக்க ஒரு பிற்பகல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெட்டி திறந்திருக்கக்கூடும். அல்லது புதியதே தேவைப்படாமல், பழைய கைபேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, நினைவகத்தை நிரப்பியிருக்கும் காணொளிகளை அவரிடம் கேட்டுக்கேட்டு நீக்கி, அடிக்கடி அழைக்கும் நான்கு பேரை முகப்புத் திரைக்குக் கொண்டுவந்ததோடு விஷயம் முடிந்திருக்கும். செலவில்லாத இந்த இரண்டாவது வழியே அவருக்கு அதிகம் பொருந்தும் என்பது என் ஊகம்.

"என்ன வேண்டும்" என்ற கேள்விக்கு அவர் தந்த பதிலையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வி, தன் குறையைத் தானே வாய்விட்டுச் சொல்லி, நீங்கள் எவ்வளவு செய்யலாம் என்பதையும் தானே முடிவு செய்யும்படி அவரைக் கேட்கிறது. தன்மானமுள்ளவர் அதற்கு வேறென்ன சொல்வார்? அளவும் நாளும் தெரிகிற, எளிதாக மறுக்கக்கூடிய ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: "சனிக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. நீங்கள் மருத்துவரைப் பார்க்கப் போவதாக இருந்தால் நானும் வரட்டுமா?" இதற்கு வேண்டாம் என்று சொல்வதும் சுலபம், சரி என்று சொல்வதும் சுலபம்.

எதைச் சொல்லிக் கேட்பது என்பதை அவர் வீட்டில்தான் தெரிந்துகொள்ள முடியும். அடுத்த முறை எதையும் கொண்டுபோகாமல் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். எந்த வேலையைப் பற்றி "அது கிடக்கிறது, பார்க்கலாம்" என்கிறார்? பிரிக்காத உறைகள் மேசையில் சேர்ந்திருக்கின்றனவா? படிக்கும்போது தாளை விளக்குக்கு அருகே கொண்டுபோகிறாரா? இருட்டிய பிறகு வெளியே போவதை நிறுத்திவிட்டாரா? ஒருவருக்கு எது தேவை என்பது பெரும்பாலும் அவர் தள்ளிப்போட்டுவரும் காரியங்களில் தெரியும். உறைகள் சேர்ந்திருந்தால், அவற்றைப் பிரித்துப் பார்க்கத் துணையாக உட்காரலாமா என்று கேளுங்கள். அவர் தலையசைத்தால் வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். எதைக் கட்டுவது, எதைக் கிழித்துப் போடுவது என்பதை அவரே சொல்லட்டும். கணக்கியல் சொல்லிக்கொடுத்தவருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாமல் போய்விடவில்லை, எழுத்து மங்கலாகத் தெரிகிறது, அவ்வளவே.

இங்கேதான் நல்லவர்கள் பலர் சறுக்குகிறார்கள். உதவியாகத் தொடங்குவது மெல்ல மேற்பார்வையாகிவிடுகிறது: அவரைக் கேட்காமல் பொருட்களை இடம் மாற்றுவது, அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் அவருக்காகப் பேசுவது, விழாவில் ஒலிபெருக்கி முன்னால் அவர் செய்த உதவியைச் சொல்லி நெளியவைப்பது. அளவு மீறிவிட்டதை அவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் கண்டுகொள்ள வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே வீட்டை ஒழுங்குபடுத்தி வைக்கத் தொடங்குவார். நீங்கள் ஒன்று செய்தால் உடனே பதிலுக்கு எதையாவது கையில் திணிப்பார். முன்பு சாதாரணமாகச் சொன்ன உடல் உபாதைகளை இப்போது மறைப்பார். இவற்றில் ஒன்றைப் பார்த்தால் செய்வதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். போவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

அவருக்கு எது குறைகிறது என்பதை மட்டுமே இதுவரை பேசினேன். எது பிடிக்கும் என்று கேட்டால் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஓராண்டு மாலைகளைச் செலவழித்து ஒருவருக்குப் பாடம் சொன்னவருக்கு, சொல்லிக்கொடுப்பது சுமையாக இருந்திருக்காது. ஓய்வு பெற்றபோது அவர் இழந்தவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் அதே தேர்வுக்குப் படிப்பவர் யாராவது இருந்தால், வாரத்தில் ஒரு மாலை அவரை அனுப்பலாமா என்று கேளுங்கள். இரண்டு நிபந்தனைகள்: அந்த இளையவருக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட வேண்டும், ஏனெனில் ஒப்புக்காக வரும் மாணவரை நல்ல ஆசிரியர் முதல் நாளே அடையாளம் கண்டுவிடுவார். அடுத்து, பாடத்திட்டம் மாறியிருக்கும் என்பதால் புதிய புத்தகத்தை முன்கூட்டியே உங்கள் ஆசானிடம் கொடுத்து, ஒத்துவருமா என்று அவரே பார்க்க அவகாசம் தர வேண்டும். அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தனிமையை விரும்பியே ஏற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு கடிதம் எழுதுங்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் அது பெறுபவருக்குச் சங்கடம் தரும் என்று மிகையாகவும், எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைக் குறைவாகவும் மதிப்பிட்டிருந்தது தெரியவந்தது. "உங்களை என்றும் மறவேன்" என்ற பாணியில் எழுத வேண்டாம். யாருக்கும் எழுதக்கூடிய வரி அது. அவர் எந்தப் பாடத்தை எப்படி விளக்கினார், அதை நீங்கள் பின்னாளில் எந்த வேலையில் பயன்படுத்தினீர்கள், எந்தத் தவறிலிருந்து அது உங்களைக் காத்தது என்று எழுதுங்கள். தாம் சொல்லிக்கொடுத்தது பிறகு எங்கே போயிற்று என்பது ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் தெரிய வருவதே இல்லை. கையால் எழுதுவதானால் எழுத்து பெரிதாக இருக்கட்டும்.