கெட்ட வார்த்தை வேறு, ஆபாசம் வேறு

"என் நாவலின் நாயகன் ரவுடி. பக்கத்துக்குப் பக்கம் கெட்ட வார்த்தை பேசுகிறான். ஆபாச வழக்கில் மாட்டிக்கொள்வேனா?"

வழக்கு யாரும் போடலாம், அதைத் தடுக்க முடியாது. நிற்குமா என்பதுதான் கேள்வி. சமரேஷ் போஸின் வங்க நாவல் 'பிரஜாபதி' உங்கள் கதைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. அதிலும் ரவுடி நாயகன், கொச்சையான பேச்சு. கீழமை நீதிமன்றம் அபராதம் விதித்தது, கல்கத்தா உயர் நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்றே சொன்னது. 1985இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கொச்சை மொழி வாசகருக்கு அருவருப்பைத் தரலாம், சலிப்பையும் தரலாம் (இதை நீதிபதிகளே சொன்னார்கள்!), ஆனால் ஒழுக்கத்தைக் கெடுப்பதுதான் ஆபாசம் என்றது தீர்ப்பு.

அதற்கு முன் நிலைமை கடுமை. எளிதில் கெட்டுப்போகக்கூடிய ஒருவர் கையில் புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேய அளவுகோலை 1964இல்கூட நம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014இல்தான் அதைக் கைவிட்டு, இன்றைய சமூகத்தின் சராசரி மனிதர் முழுப் படைப்பையும் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டது. 2024இல் ஒரு இணையத் தொடர் வழக்கிலும் வசைச்சொல் மட்டுமே ஆபாசமாகாது என்றது.

அதனால் வசைகளை வெட்ட வேண்டாம். பாலுறவுக் காட்சிகள் இருந்தால், அவை கதைக்குத் தேவையா என்று மட்டும் ஒரு வழக்கறிஞரோடு பாருங்கள்.