ஆசிரியரின் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணை மாற்றுமா?

"இவன் நல்லா வருவான்னு டீச்சர் நம்பினாலே பையன் நல்லா படிச்சிடுவானா? ஆதாரம் இருக்கா?"

இருக்கிறது, ஆனால் எல்லைகளோடு. 1964-இல் கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் உளவியலாளர் ரோசென்தாலும் பள்ளி முதல்வர் ஜேக்கப்சனும் மாணவர்களுக்கு நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். பிறகு சுமார் 20 சதவீதப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, "இவர்கள் இந்த ஆண்டு வேகமாக மலர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் மீண்டும் வைத்த அதே தேர்வில், முதல் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் சராசரியாக 27 புள்ளிகள் உயர்ந்தார்கள், மற்றவர்கள் 12. மூன்றாம் வகுப்புக்கு மேல் தெளிவான வேறுபாடு இல்லை. அத்தனை சிறு பிள்ளைகளை அளக்க அந்தத் தேர்வு பொருந்தாது என்று உளவியலாளர் ராபர்ட் தார்ன்டைக் கண்டித்தது நியாயமே.

என் பார்வையில், 1984-இல் ஆய்வாளர் ரவுடன்புஷ் இத்தகைய 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததுதான் முக்கியம். பிள்ளைகளை இரண்டு வாரத்துக்கு மேல் பழகியறிந்த ஆசிரியர்களிடம் அந்தப் பொய்த் தகவல் ஏறக்குறைய எடுபடவே இல்லை. அதனால் பிள்ளைகளை இன்னும் பழகியறியாத ஜூன் மாதம் கைக்கு வரும் பழைய மதிப்பெண் பட்டியலும், "அவன் தேறமாட்டான்" என்ற சக ஆசிரியரின் பேச்சும்தான் ஆபத்தானவை.

நம்பிக்கை நடத்தை வழியாகத்தான் பிள்ளையை எட்டுகிறது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் கண்டார். மந்தமானவர் என்று நினைத்தவருக்கு இன்னும் குறைவு. பதில் வராததும் கேள்வி அடுத்தவருக்குப் போகிறது, முதல் கணிப்பும் உறுதியாகிறது. ஒரு பாடத்தைப் பதிவு செய்து, யாருக்கு எத்தனை விநாடி தந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எல்லோருக்கும் மூன்று விநாடி கொடுங்கள்.